கடைக் கடன் கணக்கு: நோட்டா, ஷீட்டா, போன் ஆப்பா?

மளிகைக் கடை வச்சிருக்கறவங்க திரும்பத் திரும்ப கேக்கற கேள்வி இதுதாங்க. ரெகுலர் கஸ்டமர் கடன் கணக்க நோட்டுலயே எழுதிட்டு இருக்கலாமா, கம்ப்யூட்டர்ல ஷீட் போட்டுக்கலாமா, இல்ல போன்ல ஆப் போட்டுட்டு நோட்ட மூட்டை கட்டிடலாமா. நான் திருப்பூர் பக்கம் மளிகைக் கடை நடத்தறேன், இங்க பாதி கஸ்டமர் பனியன் கம்பெனில வாரச் சம்பளம் வாங்கறவங்க, மீதி மாசச் சம்பளம், ரெண்டு மூணு மெஸ்ஸு, டீக்கடை. மூணு முறைலயும் கணக்கு வச்சுப் பாத்ததுல எனக்குப் பட்டத எழுதறேன், உங்க கடை வேற மாதிரின்னா முடிவும் வேற மாதிரி வரும்.

## முதல்ல எத வச்சு எடை போடறது

நாலு விஷயம் போதும்.

ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணில இருந்து எட்டரை வரைக்கும் கூட்டம் நிக்கும்போது எழுத முடியணும். அப்ப எழுத முடியாதது அப்புறமும் எழுதப்படறது இல்ல, கடன்ல போற பாதி நஷ்டம் கஸ்டமர் ஏமாத்தி போறதில்லங்க, நாம எழுதாம விட்டு போறது.

ரெண்டு, பாக்கி சரியா நிக்கணும், தப்பு வந்தா எங்க வந்துச்சுன்னு கண்டுபிடிக்க வழி இருக்கணும்.

மூணு, கஸ்டமர் அந்த பாக்கிய ஒத்துக்கணும். "நான் எப்பங்க எண்ணெய் வாங்கினேன்"னு கேட்டா காட்டறதுக்கு ஏதாவது இருக்கணும்.

நாலு, இன்னிக்கு யார கேக்கணும்னு கணக்கே சொல்லணும். நாம ஞாபகம் வச்சு கேக்கறோம்னா பேச்சுக் குடுக்கறவங்கள மட்டும்தான் கேப்போம், அமைதியா வந்து வாங்கிட்டுப் போறவரு பாக்கி ஏறிட்டே இருக்கும்.

## எந்த முறையா இருந்தாலும் கட்டம் இதுதான்

நோட்டோ ஷீட்டோ, ஒரு ஆளோட கணக்குல இந்த ஆறு கட்டமும் வேணும். எங்க கடைல டெய்லர் அண்ணன் ஒருத்தரோட கணக்கு மாதிரி ரெண்டு வாரம் போட்டுக் காட்டறேன், அவருக்கு சனிக்கிழமை சம்பளம்.

| தேதி | விவரம் | பற்று | வரவு | பாக்கி | கேக்க வேண்டிய தேதி |
|---|---|---|---|---|---|
| 28-07 | முன் பாக்கி | | | 1,850 | 02-08 |
| 28-07 | அரிசி 10 கிலோ, து.பருப்பு 1 கிலோ | 730 | | 2,580 | 02-08 |
| 30-07 | கடலெண்ணெய் 1 லிட்டர் | 220 | | 2,800 | 02-08 |
| 02-08 | ரொக்கம் | | 1,500 | 1,300 | 09-08 |
| 04-08 | சர்க்கரை, டீத்தூள், சோப்பு | 265 | | 1,565 | 09-08 |
| 07-08 | கோதுமை மாவு, மசால் சாமான் | 340 | | 1,905 | 09-08 |
| 09-08 | ஜிபே | | 1,000 | 905 | 16-08 |

சரக்கு போனா பற்று, பணம் வந்தா வரவு, பாக்கி ஒவ்வொரு வரிலயும் கூட்டிக் கழிச்சு எழுதணும். முன் பாக்கி பிளஸ் பற்று மைனஸ் வரவு, அவ்வளவுதான். பக்கம் முடியும்போது மொத்தமா ஒரு தடவ கூட்டிப் பாருங்க, 1,850 கூட பற்று மொத்தம் 1,555, அதுல வரவு மொத்தம் 2,500 போக 905, கடைசி வரியும் அதுவேன்னா பக்கம் சரி.

இதுல கடைசி கட்டம்தான் பெரும்பாலான கடைல இருக்காது, ஆனா அதுதான் முக்கியம்னு நான் நினைக்கறேன். அங்க "15 நாள் கழிச்சு"ன்னு கணக்குப் போட்டு தேதி எழுதாதீங்க, அவங்க கைல காசு வர்ற தேதிய எழுதுங்க. வாரச் சம்பளக்காரருக்கு சனிக்கிழமை, மாசச் சம்பளக்காரருக்கு அவரு கம்பெனி போடற தேதிக்கு மறுநாள், பால் ஊத்தறவங்களுக்கு சொசைட்டில பணம் வர்ற நாள். செவ்வாய்க்கிழமை போயி டெய்லர் அண்ணன கேட்டா அவரால குடுக்க முடியாது, நமக்கும் சங்கடம் அவருக்கும் சங்கடம், அடுத்த வாரம் அவரு வேற கடைக்கு போயிடுவாரு.

இன்னொண்ணும் பாருங்க. டெய்லர் அண்ணனுக்கு பாக்கி 905. வர்ற பணத்த பழைய கடனுக்கு முதல்ல கழிச்சோம்னா அந்த 1,850 முழுசா தீந்து, 28-07 அரிசி பருப்புலயும் 650 கழிஞ்சு, மீதி 80 ரூபாதான் அந்த தேதி கடன், மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வாங்கினது. அதாவது அவரோட 905ல ரொம்பப் பழசே ரெண்டு வாரத்துக்குள்ள. இன்னொருத்தருக்கும் 905தான் நிக்குது, ஆனா அவரு ரெண்டு மாசமா ஒரு ரூபா கட்டல, சரக்கும் வாங்கல. நம்பர் ஒண்ணு, கணக்கு வேற. அதனால பாக்கி எவ்வளவுன்னு பாக்கறதோட கடைசியா எப்ப கட்டினாருன்னும் சேத்துப் பாக்க முடியற முறையா இருக்கணும்.

## நோட்டு

கூட்டத்துல எழுதறதுக்கு இத அடிச்சுக்க எதுவும் இல்லங்க. கல்லா பக்கத்துல நூல்ல பேனா கட்டி தொங்க விட்டா கடைப் பையன், வீட்டுக்காரம்மா, அப்பா யாரு வேணா எழுதலாம், சார்ஜ் வேணாம், லாக் திறக்க வேணாம். கஸ்டமர் எதுக்க எழுதறோம்ங்கறதால அவங்களும் எட்டிப் பாத்துக்கறாங்க.

நீட்டு நோட்டா வாங்கி ஆளுக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கி பக்கத்துக்கு நம்பர் போடுங்க, அந்த நம்பரே கஸ்டமர் நம்பர். முதல் ரெண்டு பக்கத்துல பேரு, நம்பர், கேக்க வேண்டிய கிழமை மட்டும் எழுதி வைங்க. இத செய்யாம தேதி வாரியா எல்லார் கடனையும் ஒரே வரிசைல எழுதற கடைங்கள பாத்திருக்கேன், அதுல ஒருத்தர் பாக்கி சொல்லணும்னா இருபது பக்கம் பொரட்டணும். தேதி வாரியா எழுதறது சிட்டை, ஆள் வாரியா எழுதறது பேரேடு, கடனுக்கு பேரேடுதான் வேணும்.

கஸ்டமருக்கு ஒரு சின்ன பாக்கெட் நோட்டு குடுத்து அதுலயும் அதே தொகைய எழுதி அனுப்பற பழைய வழக்கம் இருக்கு பாருங்க, அத விட்டுடாதீங்க. சண்டை வராததுக்கு காரணமே அதுதான். சாமான் வாங்க வர்றது பையன், காசு குடுக்கறது அப்பா, என்ன வாங்கினாங்கன்னு அப்பாவுக்குத் தெரியாது, அந்த சின்ன நோட்டு வீட்ல இருந்தா அவரே பாத்துக்குவாரு. மறந்துட்டு வந்தாங்கன்னா துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்து அடுத்த தடவ ஏத்திக்கலாம்.

இப்ப தெரியாம போற செலவு. கூட்டல் கழித்தல்தான் முதல்ல. கூட்ட நேரத்துல பற்று மட்டும் எழுதிட்டு பாக்கி கட்டத்த காலியா விட்டுடுவோம், அது நாலு நாள் சேந்துச்சுன்னா ஒரு மணி நேர வேலை. நம்ம நோட்டுக்கும் அவங்க நோட்டுக்கும் பாக்கி வித்தியாசம் வந்தா மொத்தத்தையும் திரும்ப கூட்டாம முதல்ல அந்த வித்தியாசத்த 9ஆல வகுத்துப் பாருங்க. மீதி இல்லாம வகுபட்டா பெரும்பாலும் ரெண்டு எண் இடம் மாறி இருக்கும், 530ன்னு எழுத வேண்டியத 350ன்னு எழுதினா வித்தியாசம் 180, அது 9ல போகும். அப்படி இல்லன்னா வித்தியாசத்துல பாதிய எடுத்து அந்த தொகைய தேடுங்க, வரவுல எழுத வேண்டியது பற்றுல போயிருந்தா வித்தியாசம் ரெண்டு மடங்கா காட்டும். 500 ரூபா கட்டினத கடன்ல எழுதிட்டா 1,000 வித்தியாசம் வரும். இந்த ரெண்டுலயே பாதி தப்பு மாட்டிடும்.

அடுத்தது, நோட்டு யார கேக்கணும்னு தானா சொல்லாது. அதுக்கு நான் சொல்ற வழி, வெள்ளிக்கிழமை ராத்திரி கடை சாத்தினதும் பக்கம் பக்கமா பொரட்டி அடுத்த நாள் தேதி போட்டிருக்கற ஆளுங்க நம்பரும் பாக்கியும் மட்டும் ஒரு சீட்டுல எழுதி கல்லால ஒட்டி வைக்கறது. 40 கணக்கு வரைக்கும் இது ஓடும், அதுக்கு மேல கை சலிச்சுடும்.

மழைல நனையறது, எண்ணெய் கொட்டறது, எலி கடிக்கறது எல்லாம் உண்டு, நோட்டுக்கு காப்பி கிடையாது. பெரிய பாக்கி இருக்கற பக்கத்த மட்டும் வாரம் ஒரு தடவ போன்ல போட்டோ எடுத்து வச்சுக்குங்க.

பெரிய தொகைக்கு ஒரு விஷயம் தெரிஞ்சு வச்சுக்கணும். தவணை எதுவும் பேசாம கடனுக்கு வித்த சரக்குக்கு பணம் கேட்டு கேஸ் போட காலவரம்புச் சட்டம், 1963 குடுக்கற டைம் சரக்கு குடுத்த நாள்ல இருந்து 3 வருஷம். அதுக்குள்ள அவரு "இவ்வளவு பாக்கி இருக்கு"ன்னு எழுத்துல ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டா அங்கிருந்து புதுசா 3 வருஷம் எண்ணலாம். நம்ம கணக்கு நோட்டு சாட்சியா எடுத்துக்கப்படும், ஆனா அது மட்டுமே வச்சு ஒருத்தர கடன்காரர்னு தீர்ப்பு சொல்ல முடியாதுன்னு சாட்சியச் சட்டத்துல ரொம்ப காலமா இருக்கு, 2024 ஜூலை 1ல வந்த புதுச் சட்டத்துலயும் அதே நிலைமைதான். அதனால மெஸ், டீக்கடை மாதிரி ஆயிரக்கணக்குல போற கணக்குக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாக்கி தொகைய எழுதி தேதியோட கையெழுத்து வாங்கிடுங்க. 905 ரூபாக்கு யாரும் கோர்ட்டுக்கு போகப் போறதில்ல, அதுக்கு வேணாம்.

## ஷீட்

கூகுள் ஷீட்லயோ எக்செல்லயோ போடறது. இதோட பலம் கூட்டல்ல தப்பே வராது, யாருக்கு எவ்வளவுன்னு ஒரு பக்கத்துல வந்துடும். ஆளுக்கு ஒரு ஷீட்டுன்னு போடாதீங்க, எல்லார் வரவு பற்றையும் ஒரே ஷீட்டுல போட்டு கஸ்டமர் நம்பர் ஒரு கட்டமா வச்சுக்குங்க. A தேதி, B கஸ்டமர் நம்பர், C விவரம், D பற்று, E வரவு, F பாக்கி. F2ல இத போட்டு கீழ வரைக்கும் இழுத்துடுங்க:

```
=SUMIFS(D$2:D2,B$2:B2,B2)-SUMIFS(E$2:E2,B$2:B2,B2)
```

அந்த வரி வரைக்கும் அந்த ஆளோட பற்று மொத்தத்துல வரவு மொத்தத்த கழிக்குது, வேற ஆளு வரி நடுவுல இருந்தாலும் குழம்பாது. முன் பாக்கிய முதல் வரியா பற்றுல போட்டுடணும். மேல இருக்கற வரி பழசு, கீழ இருக்கற வரி புதுசுன்னு இருந்தாதான் இது சரியா காட்டும், தேதிய தலைகீழா வரிசைப்படுத்தினா நடுவுல காட்டற பாக்கி எல்லாம் அர்த்தமில்லாம போயிடும்.

இன்னொரு ஷீட்டுல ஆளுக்கு ஒரு வரி: A நம்பர், B மொத்த பாக்கி, C கேக்க வேண்டிய தேதி, D கடைசியா கட்டின தேதி. முதல் ஷீட்டுக்கு கணக்குன்னு பேரு வச்சிருந்தா B2ல:

```
=SUMIFS('கணக்கு'!D:D,'கணக்கு'!B:B,A2)-SUMIFS('கணக்கு'!E:E,'கணக்கு'!B:B,A2)
```

D2ல:

```
=MAXIFS('கணக்கு'!A:A,'கணக்கு'!B:B,A2,'கணக்கு'!E:E,">0")
```

இன்னிக்கு கேக்க வேண்டியவங்க பக்கத்துல குறி வர்றதுக்கு E2ல:

```
=IF(AND(C2<=TODAY(),B2>0),"கேக்கணும்","")
```

கூகுள் ஷீட்ல கடைசி தேதி 30-12-1899ன்னு வந்துச்சுன்னா பயப்படாதீங்க, அவரு இன்னும் ஒரு தடவ கூட கட்டலன்னு அர்த்தம்.

கெட்டுப் போற இடம் மூணு. தொகைய "500/-"ன்னு போட்டா ஷீட் அத எழுத்தா எடுத்துக்கும், கூட்டல்ல சேக்காது, எர்ரரும் காட்டாது. அந்த தொகை மட்டும் கட்டத்துல இடது பக்கம் ஒட்டி நிக்கும், எண்ணுன்னா வலது பக்கம் நிக்கும், அத வச்சுக் கண்டுபிடிக்கலாம். ரெண்டாவது, நம்பருக்கு பதிலா பேரு அடிச்சா எழுத்து ஒண்ணு மாறினாலும், பின்னாடி ஒரு ஸ்பேஸ் விழுந்தாலும் அவரு வேற ஆளா ஆயிடுவாரு, அதனாலதான் நம்பர் போடச் சொல்றேன். மூணாவது, 5/8ன்னு அடிச்சா ஆகஸ்ட் 5ஆ மே 8ஆன்னு ஷீட்டோட செட்டிங்க பொறுத்து மாறும், கூகுள் ஷீட்ல File > Settings போயி Locale கட்டத்துல India வச்சுடுங்க.

ஆனா இதோட நிஜமான செலவு என்னன்னா கூட்ட நேரத்துல எழுத முடியாதுங்க. அதனால சீட்டுல எழுதி ராத்திரி ஏத்தணும், அப்ப ஒரே வேலைய ரெண்டு தடவ செய்யறோம், ஒரு சீட்டு பறந்து போனா அந்தக் கடனே போச்சு. ஷீட் ஏத்த ஒருத்தர் தினமும் அரை மணி நேரம் உக்காரணும், அந்த ஆளு ஊருக்குப் போனா கணக்கு நிக்கும். கஸ்டமருக்கும் கைல ஒண்ணும் கிடைக்காது, நாமளா எடுத்து அனுப்பினாதான் உண்டு. மெஸ், கேன்டீன், கட்டட கான்ட்ராக்டர் மாதிரி கணக்கு கம்மி தொகை பெருசு, பில் போட்டு அனுப்பி மாசம் ஒரு தடவ பணம் வர்றதுன்னு இருந்தா ஷீட்டுதான் நல்லது, பில் காப்பி இருக்கறதால சீட்டு தொலையற பயமும் இல்ல.

## போன் ஆப்

Khatabook, OkCredit மாதிரி ஆப்புங்க வேலை செய்யறது ஒரே மாதிரிதான், கஸ்டமர் போன் நம்பர போட்டு கடன் குடுத்தா ஒரு பட்டன், பணம் வந்தா ஒரு பட்டன், பாக்கி தானா வரும், கஸ்டமருக்கு மெசேஜ் போகும், தேதி வச்சா ஞாபகப்படுத்தும். நோட்டுல முடியாத ரெண்டு விஷயம் இதுல முடியும், எழுதின உடனே கஸ்டமருக்குத் தெரியுது, யார கேக்கணும்னு லிஸ்ட் வருது. 100 கணக்குக்கு மேல இருந்தா இத தவிர வேற வழியில நான் சமாளிச்சிருக்க மாட்டேன்.

ஆனா மெசேஜ் யாரு போனுக்குப் போகுதுன்னு பாருங்க. வீட்டுக்காரரு நம்பர் குடுத்துட்டு அந்தக்கா வாங்கிட்டுப் போவாங்க, 180 ரூபாக்கு பிஸ்கட்டும் ஷாம்பூவும் வாங்கினது அவருக்கு மெசேஜா போயி வீட்ல சண்டை ஆயி, மறுநாள் அந்தக்கா நம்ம கிட்ட வந்து வருத்தப்பட்டாங்கன்னா அந்த உறவ எந்த ஆப்பும் சரி பண்ணாது. பட்டன் போன் வச்சிருக்கற பெரியவங்களுக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் போயி பிரயோஜனமும் இல்ல. அதனால கணக்கு ஆரம்பிக்கும்போதே "மெசேஜ் எந்த நம்பருக்கு அனுப்பட்டுங்க, அனுப்பலாமா வேணாமா"ன்னு கேட்டுடுங்க. தானா போற ஞாபகப்படுத்தலையும் நம்ம பேச்சு மாதிரியே நினைச்சு தேதி வைங்க, செவ்வாய்க்கிழமை போற மெசேஜும் செவ்வாய்க்கிழமை போயி கேக்கறதும் ஒண்ணுதான்.

இன்னொரு சங்கடம், போன் ஒண்ணுதான், அது நம்ம பாக்கெட்ல. நாம கொள்முதலுக்கு மார்க்கெட் போயிட்டா கடைல இருக்கறவங்க எங்க எழுதுவாங்க? ரெண்டு போன்ல ஒரே கணக்கு ஓடுதான்னு நீங்க எடுக்கற ஆப்ல முதல்ல பாத்துக்குங்க, இல்லன்னா கல்லாலயே நிக்கற மாதிரி ஒரு பழைய போன ஒதுக்கணும். இலவசமா இருக்கற வசதி நாளைக்கு காசுக்கு மாறலாம், அதனால மாசக் கடைசில எல்லார் கணக்கையும் பிடிஎஃப்பா எடுத்து வேற இடத்துல வைங்க. எந்த சிம் நம்பர்ல ஆப் ஆரம்பிச்சீங்களோ அந்த சிம்ம உயிரோட வச்சிருங்க, ஓடிபி அதுக்குத்தான் வரும்.

ஜிபே, போன்பே வரவு தனியா சொல்லணும், இது மூணு முறைக்கும் பொது. ராத்திரி பத்து மணிக்கு 1,000 ரூபா பேங்குல விழும், கணக்குல யாரும் வரவு வைக்க மாட்டாங்க, மறுநாள் நாம போயி "பாக்கி 1,905ங்க"ன்னு கேட்டா அவருக்கு கோவம் வராம என்ன செய்யும். பணம் அவரு பேர்லயும் வராது, பையன் பேர்ல வரும். கடை சாத்தறதுக்கு முன்னாடி அன்னிக்கு வந்த யூபிஐ வரவ ஒண்ணொண்ணா கணக்கோட டிக் அடிங்க, யாருதுன்னு தெரியாத தொகைய "தெரியாத வரவு"ன்னு ஒரு பக்கம் போட்டு வச்சு அடுத்த நாள் விசாரிங்க.

## பக்கத்துல வச்சுப் பாத்தா

| | நோட்டு | ஷீட் | ஆப் |
|---|---|---|---|
| கூட்ட நேரத்துல எழுதறது | சுலபம், யாரு வேணா | முடியாது | போன் கைல இருந்தா முடியும் |
| பாக்கி கூட்டல் | நாமதான் | தானா, ஆனா ஏத்தறது சரியா இருக்கணும் | தானா |
| கஸ்டமர் ஒத்துக்கறது | சின்ன நோட்டும் கையெழுத்தும் இருந்தா ரொம்ப நல்லது | பில் இருந்தாதான் | மெசேஜ் சரியான ஆளுக்குப் போனா நல்லது |
| யார கேக்கணும் | வாரம் ஒரு தடவ பொரட்டணும் | குறி காட்டும் | லிஸ்ட் வரும் |
| தெரியாம போற செலவு | கூட்டல் நேரம், காப்பி இல்ல | தினமும் ரெண்டாவது தடவ ஏத்தறது | வீட்டுச் சங்கடம், ஒரே போன் |
| யாருக்கு | 40 கணக்கு வரைக்கும், தெருக் கடை | பெரிய கணக்கு சிலது | 100க்கு மேல, ஒரு போன ஒதுக்க முடிஞ்சா |

40க்கும் 100க்கும் நடுவுல இருக்கறவங்கதான் ரொம்ப குழம்பறாங்க, எங்க கடையும் அதுதான். நான் சொல்றது, எழுதறது நோட்டுலயே இருக்கட்டும், கஸ்டமர் கைல சின்ன நோட்டு இருக்கட்டும், ஷீட்டுல சாமான் விவரம் எல்லாம் ஏத்தாம வாரம் ஒரு நாள் ஆளுக்கு ஒரு வரி, பாக்கி எவ்வளவு, கடைசியா எப்ப கட்டினாரு, எப்ப கேக்கணும்னு மட்டும் போடுங்க. நோட்டு பக்க நம்பரும் ஷீட் நம்பரும் ஒண்ணா இருந்தா இது ஒரு மணி நேர வேலைதான். முழுசா ஆப்புக்கு மாறறவங்கள நான் தடுக்கல, ஆனா கல்லால உக்காரப் போறது யாருன்னு பாத்துட்டு மாறுங்க, அறுபது வயசு அப்பா உக்காரற கடைல ஆப் போட்டா ஒரு மாசத்துல அரைக் கணக்கு ஆப்லயும் அரைக் கணக்கு சீட்டுலயும் கிடக்கும், அது எதுவுமே இல்லாததவிட மோசம்.

மாறறதா இருந்தா நடு மாசத்துல மாறாதீங்க, சம்பள வாரம் முடிஞ்சு பாக்கி ரொம்ப கம்மியா இருக்கற நாளா பாத்து மாறுங்க. அன்னிக்கு ஒவ்வொருத்தர் கிட்டயும் பழைய நோட்டுல பாக்கிய காட்டி, தொகைய எழுத்தாலயும் எழுதி கையெழுத்து வாங்கிட்டு, அந்தத் தொகைய மட்டும் புதுசுல முன் பாக்கியா ஏத்துங்க, பழைய வரி எதையும் ஏத்த வேணாம். ஒரே நாள்ல எல்லாரையும் மாத்த முடியாதுன்னா அடிக்கடி வர்ற பத்து பேர முதல்ல மாத்துங்க, மாத்தின பக்கத்துல குறுக்க கோடு போட்டு "புதுக் கணக்கு"ன்னு எழுதிடுங்க, இல்லன்னா பையன் பழக்க தோஷத்துல அதுலயே எழுதிடுவான். பழைய நோட்ட எடைக்குப் போட்டுடாதீங்க, அதுல இருக்கற கடைசி கையெழுத்துல இருந்து 3 வருஷம் ஆகற வரைக்கும் பத்திரமா வைங்க.